திண்டுக்கல் வட்டாரத்துப் பந்தி முறைகள்

திண்டுக்கல் நகரிலும் அதைச் சுற்றிய சமவெளி ஊர்களிலும் இலைச் சாப்பாடு பரிமாறுவதில் பல மரபுகள் அருகருகே வழங்கிவருகின்றன. வாழையிலையின் நுனி உண்பவரின் இடக்கைப் பக்கம் இருக்க வேண்டும் என்பதில் மட்டும் அவற்றுக்குள் வேறுபாடு இல்லை. சோறு பிசையும் வலக்கைக்கு இலையின் அகன்ற பகுதி கிடைப்பதும், உப்பும் ஊறுகாயும் குறுகிய நுனியில் ஒதுங்கிக்கொள்வதும் அந்த அமைப்புக்குரிய காரணங்கள்.

பிராமணர் வீட்டுப் பந்தியில் துளிப் பாயசம் இலையின் வலக்கீழ் மூலையில் முதலில் விழும். காய்களும் சோறும் பருப்பும் வந்தபின் நெய் ஊற்றப்படும் வரை எவரும் கை வைப்பதில்லை என்பதால், நெய்க் கிண்ணத்தோடு வருபவரே பந்தியைத் தொடங்கிவைக்கிறார். கல்யாண மண்டபங்களின் பொதுவான சைவப் பந்தியிலோ, விருந்தினர் அமருமுன்பே உப்பு, இனிப்பு, கூட்டு, பொரியல் முதலியன இலையில் வைக்கப்பட்டுவிடுகின்றன. இது நேரத்தை மிச்சப்படுத்தும் முறைதான் என்றாலும் பொரியல் ஆறிவிடும், அப்பளம் நமத்துப்போகும். ஆகவே தேர்ந்த சமையற்குழுவினர் அப்பளத்தை மட்டும் நிறுத்திவைத்துச் சோற்றுக்குச் சற்று முன்னர் எடுத்துவருவர். சோறு வந்தபின் பருப்பும் நெய்யும், அடுத்துச் சாம்பார், புளிக்குழம்பு, ரசம், பாயசம், மோர் என்ற வரிசை பெரும்பாலும் பொதுவானது.

வரிசையைக் கற்பது எளிது. அந்த வரிசை எல்லா இலைகளுக்கும் ஒரே வேகத்தில் போய்ச்சேருவதில்தான் திறமை இருக்கிறது. எதிரெதிரே முப்பது முப்பதாக அறுபது இலைகள், நடுவில் பரிமாறுவோர் நடக்கும் ஒரு பாதை என்று கொண்டால், ஓர் இலைக்கு ஐந்து விநாடி வீதம் ஒருவரே ஒரு வரிசையில் போய் மறு வரிசையில் திரும்பிவர ஐந்து நிமிடம் ஆகும். முதல் இலைக்காரர் சாம்பார்ச் சோற்றை ஏறக்குறைய உண்டு முடிக்கும்போது, அவருக்கு நேர் எதிரே அமர்ந்திருக்கும் கடைசி இலைக்காரர் வெறும் இலையைப் பார்த்துக்கொண்டிருப்பார். பந்தியில் எழும் மனத்தாங்கல்களில் பலவும் இந்தப் பாதையில்தான் பிறக்கின்றன. அதே வேலையை இருவர் பகிர்ந்து, ஒரே முனையிலிருந்து ஆளுக்கொரு வரிசையாகப் புறப்பட்டால் இடைவெளி இரண்டரை நிமிடமாகச் சுருங்கும், எதிரெதிரே இருப்பவர்களும் ஒன்றாக உண்ணத் தொடங்குவர்.

சோற்றுக்காரருக்கு மூன்று நான்கு இலை பின்னால் சாம்பார் வாளி தொடர்வது நல்ல இடைவெளி. உண்பவர் சோற்றில் குழி பறிக்க அந்த நேரம் போதும். ஆளுக்கு இருநூறு கிராம் சோறு என்றாலும் முப்பது இலைக்கு ஆறு கிலோ ஆகிறது. அதை ஒரே பாத்திரத்தில் சுமந்து குனிந்து பரிமாறுபவரின் கை பாதி வரிசையிலேயே தளர்ந்து, பின்னுள்ள இலைகளில் அளவு குறையும். இரண்டாவது பாத்திரத்தை வரிசையின் நடுவிலேயே கொண்டுவந்து மாற்றிக் கொடுக்க ஓர் ஆள் இருந்தால், பரிமாறுபவர் சமையற்கட்டுக்குத் திரும்பி ஓட வேண்டியதில்லை.

மறுமுறை பரிமாறுதல் முதல்முறை தொடங்கிய முனையிலிருந்தே தொடங்க வேண்டும். வரிசையின் கோடியை அடைந்தவர் கையிலுள்ள வாளியோடு அப்படியே திரும்பி நடப்பது இயல்பாகத் தோன்றினாலும், இப்போதுதான் சாம்பார் பெற்றவரிடம் மீண்டும் வேண்டுமா என்று கேட்பதாகவும், முதலில் பெற்றவரைக் காக்கவைப்பதாகவும் அது முடியும். காய்களின் மறுசுற்று சாம்பார்ச் சோறு உண்ணும்போதே நடந்துவிட வேண்டும்; ரசத்தின்போது வரும் பொரியலை விரும்புவோர் குறைவு. இலைகளில் சாம்பார்ச் சோறு மூன்றிலொரு பங்காகக் குறைந்ததும், பந்தி விசாரிப்பவர், அதாவது பரிமாறாமல் இலைகளை மட்டும் கவனித்து நடப்பவர், ரசத்துக்கான சோற்றைக் கிளப்புவார். இந்தச் சோறு முதல் சோற்றில் பாதி இருந்தால் போதும், ஆனால் குழி பறித்து அணை கட்டும் அளவுக்கேனும் இருக்க வேண்டும். இல்லையேல் ரசம் இலையைத் தாண்டி மடிக்கு வழியும். ஒரு முனையில் மோர் கேட்கும் குரலும் மறுமுனையில் ரசம் கேட்கும் குரலும் ஒருசேரக் கேட்டால், அந்தப் பந்தி கைநழுவிவிட்டது என்று அறியலாம்.

கிடா விருந்தின் இலக்கணம் வேறு. குழம்பு கேட்கும்தோறும் வரும், கறித்துண்டோ எண்ணி வைக்கப்படுவது. ஆகையால் கறி வாளி வீட்டாரின் நம்பிக்கைக்குரிய ஒருவர் கையில் தனியாகவே செல்லும், குழம்பு வாளி அதன் பின்னால் வரும். இவ்விரண்டையும் ஒரே வாளியில் கலந்து அனுப்பினால் துண்டுகள் அடியில் தங்கி, முன்வரிசைக்குக் குழம்பும் பின்வரிசைக்குக் கறியுமாகப் பங்கு கோணிவிடும். முத்தழகுபட்டிப் புனித செபஸ்தியார் ஆலயத் திருவிழாவில் நேர்ச்சையாக வரும் ஆடுகளையும் கோழிகளையும் சமைத்துப் பெருங்கூட்டத்துக்கு விருந்திடுகையில், வரிசை சோறு, கறிக்குழம்பு என்ற அளவில் சுருங்கிவிடுகிறது. ஆயினும் அத்தகைய பெரும்பந்தியிலும் வாளியின் அடிவரை துழாவி அள்ளுகிற கரண்டிதான் பங்கை நேராக்குகிறது.