பண்ணனைப் பாடிய வாழ்த்து: புகழ்ச்சியும் சான்றும்

புறநானூற்றின் 173ஆம் பாட்டுப் பன்னிரண்டு அடிகளான் அமைந்த ஒரு சிறு செய்யுள். பாடப்பட்டோன் சிறுகுடி கிழான் பண்ணன். பாடியவன் சோழன் குளமுற்றத்துத் துஞ்சிய கிள்ளிவளவன். திணை பாடாண், துறை இயன்மொழி. புலவர் அரசனைப் பாடுதல் எட்டுத்தொகையுட் பெருவழக்கு. அரசன் ஓர் ஊர்கிழவனைப் பாடுதல் அருவழக்கு. இவ்வருமை பற்றியே இப்பாட்டு அறிஞர் பலரான் எடுத்துக்காட்டப் பெறுகின்றது. ஆயின், பாடினோன் முடியுடையான் என்பதொன்றே இதன் சிறப்பாகக் கொள்ளப்படின், பாட்டினுள் அமைந்த சிறப்புப் புலப்படாது போம். புகழ்ப்பாட்டு முகமனாகாது மெய்ம்மொழியாதற்கு வேண்டுவன யாவை என்னும் வினாவிற்கு இச்செய்யுளின் சொல்லமைப்பே விடை தருகின்றது. அதனை ஈண்டு ஆராய்வாம்.

முதற்கண் பாட்டின் பொருளை நிரல்படக் கூறுதும். தான் வாழ்தற்குரிய நாள்களையும் பெற்றுப் பண்ணன் வாழ்வானாக என்பது தொடக்கம். அடுத்து, பாணரை விளித்து, ஒருவனுடைய சுற்றம் உற்ற வறுமைத் துயரைக் காணுமாறு கூற்று நிகழ்கின்றது. வழிச்செல்வோர் செவியில் ஓர் ஒலி வீழ்கின்றது. அது புதுவருவாயையுடைய பழுத்த மரத்தில் புள்ளினம் ஆரவாரித்தாற்போன்ற, உண்போர் எழுப்பும் ஒலி. பின்னர்க் கண்ணிற்கு ஒரு காட்சி தோன்றுகின்றது. மழைக்காலம் நோக்கித் தம் முட்டைகளைச் சுமந்து மேட்டுநிலம் சேரும் சிற்றெறும்பின் ஒழுங்குபோலச் சோறு ஏந்திய கையினராய்ச் சிறுவர் வரிசை வரிசையாக இயங்குகின்றனர். கேட்டும் கண்டும் அமையாது, பசிநோய்க்கு மருத்துவனாயினான் இல்லம் அண்மையிலுள்ளதோ சேய்மையிலுள்ளதோ கூறுமின் என்று அவர் மீட்டும் மீட்டும் வினவுகின்றனர். பாட்டு அவ்வினாவோடு முடிகின்றது.

இனி, இச்செய்யுளின் வினைச்சொற்களை நோக்குக. பண்ணனை எழுவாயாகக் கொண்ட வினை ஒன்றே. அது வாழ்த்துப்பொருளில் வந்த வியங்கோள். அதன்பின் வரும் வினைகளெல்லாம் பிறர்க்குரியன. புள் ஒலிக்கின்றது, எறும்பு மேட்டுநிலம் சேர்கின்றது, சிறுவர் இயங்குகின்றனர், வழிச்செல்வோர் காண்கின்றனர், வினவுகின்றனர். ‘கொடுத்தான்’ என்றோ ‘ஈந்தான்’ என்றோ ஒரு வினை யாண்டும் இல்லை. பண்ணன் பாட்டினுள் தோன்றுவதுமில்லை. அவன் வீடுதானும் கண்ணிற்படுவதற்கு முன்னரே பாட்டு முற்றுப்பெறுகின்றது. ஈகையைப் பாடிய பாட்டில் ஈவோனும் இல்லை, ஈதல் என்னும் சொல்லும் இல்லை. உள்ளது ஈகையின் பயன் மட்டுமே. உண்டவர் ஒலியும், சிறுவர் கையிலுள்ள சோறும் பயன்கள். பயனைக் கண்டு காரணத்தை உணர்தல் கேட்போன் கடமையாக விடப்படுகின்றது. புகழுரை பாடுவோன் வாக்கிலிருந்து பிறவாது கேட்போன் கருத்திலிருந்து பிறக்குமாறு இப்பாட்டு அமைந்துள்ளது என்க.

உவமங்களும் இக்கருத்திற்கு இயையவே அமைந்தன. கொடையாளியை மாரிக்கு உவமித்தல் தமிழில் நெடுங்காலமாக வழங்கும் மரபு. அம்மரபு பற்றி எளிதிற் பாடுவோன் ‘பண்ணன் கைம்மாறு கருதாத மழை’ என்றிருப்பான். இச்செய்யுளிலும் பொய்த்தலறியாத மழைமுகில் வருகின்றது. ஆயின் அது பண்ணனுக்கு உவமையாக வரவில்லை, எறும்பின் செயலுக்குக் காலத்தைக் காட்டும் அடைமொழியாக வருகின்றது. அவ்வாறே பழுத்த மரம். ஊர் நடுவே பழுத்த பயன்மரத்தை ஒப்புரவாளன் செல்வத்திற்கு உவமையாக்கிய திருக்குறள் யாவரும் அறிந்தது. ஈண்டோ மரம் ஒலியளவில் உவமையாகின்றது. பறவைகளின் ஆரவாரமே வெளிப்படை உவமம். மரத்தைப் பண்ணனாகவும் முகிலை அவன் கொடையாகவும் கொள்ளுதல் கேட்போன் விருப்பம். பாட்டு அதனை வற்புறுத்தவில்லை. புகழ்தற்குரிய உவமைப்பொருள்கள் இரண்டனையும் கையிற் கொண்டு, அவற்றைத் தலைவன்மேல் ஏற்றாது விடுத்த அடக்கம் கருதத்தக்கது.

எறும்பு உவமம் இன்னும் நுட்பமுடைத்து. எறும்பின் முட்டை வெண்மையும் சிறுமையும் உடையது. சோற்றுத் திரளும் வெண்மையுடையது. எறும்பின் உடலளவிற்கு முட்டை பெரிய சுமை. சிறுவர் கையளவிற்குச் சோறும் அத்தகைத்து. இவை வடிவும் நிறமும் பற்றிய ஒப்புமை. வினை பற்றிய ஒப்புமையும் உண்டு. எறும்பு முட்டையைத் தின்பதற்குச் சுமப்பதில்லை, காப்பதற்குச் சுமக்கின்றது. சிறுவரும் உண்ட இடத்தில் நின்றொழியாது, சோற்றைக் கையிலேந்தி இயங்குகின்றனர். அவரைப் பெருங்கிளையினர் எனப் பாட்டுக் கூறுதலின், சோறு அவர் வயிற்றளவில் அமையாது இல்லிலுள்ளார்க்கும் செல்கின்றது எனக் கொள்ளுதல் பொருந்தும். ஒருவேளை உணவிட்டுப் புகழ் பெறுவான் வீட்டில், உண்டார் எண் மிகும். சோறு வாயிலைக் கடந்து தெருவில் ஊர்ந்து செல்லாது. அளவின்றி இட்டான் என்று சொல்லாமலே அளவு காட்டப்பட்டுவிட்டது. உற்றுநோக்கிய இயற்கைச் செய்தி ஒன்று கொடையின் அளவிற்குச் சான்றாக நிற்கின்றது.

இறுதியிலுள்ள மருத்துவன் என்னும் உருவகமொன்றே பண்ணனுக்கு நேரே தரப்பட்ட அடை. இது பட்டப்பெயர்போலத் தோன்றினும் அத்தன்மைத்தன்று. நோயாளியை உடன்கொண்டு வருவார் ஊர்ப்புறத்திற் கேட்கும் முதல் வினா, மருத்துவன் வீடு அருகிலோ தொலைவிலோ என்பதே. ஒருமுறை விடை பெற்றும் மீண்டும் வினவுதல் துன்புற்றார் இயல்பு. தொடக்கத்தில் சுற்றத்தின் துயர் காட்டப்பட்டமையும், முடிவில் வினா அடுக்கி வந்தமையும் இவ்வுருவகத்தால் ஒன்றுபடுகின்றன. உருவகத்தை நீக்கின் வினாவிற்கு விரைவு இல்லையாம். வினாவை நீக்கின் உருவகம் வெறும் பாராட்டாம். யாப்பும் இதற்குத் துணைநிற்கின்றது. நேரிசை ஆசிரியப்பாவின் ஈற்றயலடி முச்சீரான் வருதல் இலக்கணம். அக்குறைந்த அடியிலேயே மருத்துவன் இல்லம் வைக்கப்பட்டது. நாற்சீரடிகளைத் தொடர்ந்து வந்த செவி அவ்விடத்து நின்று கேட்கின்றது.

ஈண்டு ஒரு தடை எழும். பாடினோன் கிள்ளிவளவன் என்பது பாட்டினுள் இல்லை. பாட்டின் கீழுள்ள குறிப்பே அதனைத் தெரிவிக்கின்றது. அத்தகைய குறிப்புக்கள் தொகுத்தோர் காலத்தன. குறிப்பை ஏலாதார், இதனைப் பாணன் ஒருவன் கூற்றாகவே கொள்ளலாம். அங்ஙனம் கொள்ளின் முதலடியின் எடை மாறுகின்றது. வறிய பாணன் தன் வாழ்நாளைக் கொடுத்தல் நன்றியுரை. நாடாள்வோன் தன் வாழ்நாளைக் கொடுத்தல் ஆட்சிக்குரிய நாளையே கொடுத்தல். பரிசில் பெறுவோன் புகழ்ச்சியில் ஐயம் புகும் வழி ஒன்றுண்டு. பண்ணனிடம் பெறவேண்டுவது ஒன்றுமில்லாத அரசன் புகழ்ச்சியில் அவ்வழி அடைபடுகின்றது. ஆதலின், குறிப்பு மெய்யோ அன்றோ என்பது சிறு வினாவன்று.

இதற்குத் தொகையினுள்ளேயே ஒரு துணை கிடைக்கின்றது. புறநானூற்றின் 70ஆம் பாட்டில் கோவூர்கிழார் கிள்ளிவளவனைப் பெயர் சுட்டிப் பாடுகின்றார். அப்பாட்டினுள்ளேயே ஈகையுடைய பண்ணனது சிறுகுடியும் சொல்லப்படுகின்றது. ஆகவே அரசனும் ஊர்கிழவனும் ஒருகாலத்தார் என்பது அடிக்குறிப்பினால் மட்டுமன்றிச் செய்யுளாலும் பெறப்படும். அன்றியும், அப்பாட்டில் கிள்ளிவளவன் நாடு இருமருந்து விளைப்பது எனப்படுகின்றது. சோறும் தண்ணீருமே அம்மருந்துகள் என்பது உரை. புலவர் அரசன் நாட்டுச் சோற்றை மருந்தென்றார். அரசன் அச்சோற்றை இட்டவனை மருத்துவன் என்றான். ஓர் அவைக்களத்து வழங்கிய கருத்து இருபாட்டினும் வெளிப்பட்டதாகக் கொள்ளுதல் இழுக்காது. இது குறிப்பை முற்ற நிறுவாது. ஆயினும் அதனைத் தள்ளுதற்கு இடந்தாராது.

பண்ணன் கொடையை வேறு புலவரும் பாடினர். 388ஆம் பாட்டில் மதுரை அளக்கர் ஞாழார் மகனார் மள்ளனார், வெள்ளி தென்றிசைச் சென்று வயலும் பள்ளமும் வாடிய வறட்சிக் காலத்து அவன் உதவியமையைக் கூறுகின்றார். முன்னதில் சோறு, பின்னதில் சோறு அரிதாகிய காலம். இரண்டனையும் இயைத்து நோக்கின், விளைந்த காலத்து விருந்தோம்பியவன் மட்டுமல்லன் என்பது தெளிவாம். ஆயின் ஒன்று கடைப்பிடிக்க வேண்டும். 181ஆம் பாட்டின் தலைவனும் பண்ணனே. அவன் வல்லார் கிழான், பாடியவர் சோணாட்டு முகையலூர்ச் சிறுகருந்தும்பியார். பெயரொப்புமை கருதி அவன் செயலை இவன்மேல் ஏற்றுவோமாயின், பாட்டுச் செய்யாத முகமனை ஆராய்ச்சி செய்ததாக முடியும்.

புகழ்ப்பாட்டு ஒன்றனை மதிப்பிடுதற்கு இதனால் ஓர் அளவை பெறலாம். பாட்டுடைத் தலைவன் பெயரை நீக்கி, அவ்விடத்துப் பிறனொருவன் பெயரை வைத்துப் பார்க்க. பிற்காலத்துச் சீட்டுக்கவி பலவற்றில் இம்மாற்றம் தடையின்றி நிகழும். கற்பகம், கருணைக்கடல், புயல் என்னும் அடைகள் எப்பெயர்க்கும் பொருந்தும். 173ஆம் பாட்டிலும் பெயர் மாற்றத்தை யாப்புத் தடுப்பதில்லை. தடுப்பது வேறு. புதிதாக வைக்கப்பட்டோன் ஊருக்குச் செல்லும் வழியில் அவ்வொலி கேட்க வேண்டும். சோறேந்திய சிறுவர் எதிர்ப்பட வேண்டும். அவை இல்லையாயின், கேட்போன் அவ்வூர் வழியில் நடந்தே பாட்டைப் பொய்யென்று கண்டுகொள்வான். முகமனுரை இத்தகைய ஆபத்திற்குத் தன்னை உட்படுத்துவதில்லை. கற்பகமல்லன் என்று மெய்ப்பித்தல் எவர்க்கும் இயலாதன்றோ? கேட்டவர் சென்று காணுதற்குரிய செய்தியைச் சொல்லி, அதன்பொறுப்பைத் தானே ஏற்றுக்கொள்வதே இயன்மொழியின் இலக்கணமாக இச்செய்யுளால் அறியப்படுகின்றது. பொருளிலக்கணத்தார் வகுத்த துறைப்பெயரை ஏனைப் பாடாண் பாட்டுக்களோடு ஒப்பிட்டு ஆராய்வார், துறையின் பெயரளவில் நில்லாது, அப்பாட்டுக்களில் தலைவனுக்குரிய வினைகள் எத்துணை, பிறர்க்குரிய வினைகள் எத்துணை என்று எண்ணிப் பார்த்தல் பயன்தரும்.