பதினைந்து வெள்ளி யாருடைய வெள்ளி? ஒரு விளம்பரத்தைத் திருத்திப் பார்ப்போம்

கோலசிலாங்கூர் பக்கம் கம்போங் குவாந்தான் என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது மின்மினிகள்தாம். சிலாங்கூர் ஆற்றங்கரையில் பெரெம்பாங் மரங்களில் ஆயிரக்கணக்கில் அமர்ந்து, ஒரே தாளத்தில் மின்னுகிற பூச்சிகள். அவற்றைப் பார்க்கச் சென்னையிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் தமிழர்கள் வருவார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர்களுக்காக நம் ஊர்க்காரர் ஒருவர் விளம்பரம் எழுதினால் எப்படி இருக்கும்? பயிற்சிக்காக நானே எழுதிப் பார்த்தேன்:

"கம்பத்துச் சூழலில் மின்மினி காண வாரீர்! வெள்ளி, சனி இரவுகளில் ஆளுக்கு 15 வெள்ளி. பற்றுச்சீட்டுடன் வருவோருக்கு விலைக்கழிவு உண்டு. காடி நிறுத்த இடம் உண்டு. தங்குவோருக்கு மறுநாள் பசியாறல் இலவசம்."

நமக்கு இதில் ஒரு சொல்லும் உறுத்தாது. சிக்கலே அதுதான். வெளியூர் வாசகருக்குத் தெரியாத சொல் வந்தால் அவர் நின்று, "இது என்ன?" என்று கேட்பார். தெரிந்த சொல் வேறு பொருளில் வந்தால் கேட்கவே மாட்டார். தப்பாகப் புரிந்துகொண்டு கிளம்பி வந்துவிடுவார். தேர்வில் விளம்பரத்தைத் திருத்தி எழுதச் சொன்னால் மாணவர்கள் பெரும்பாலும் முதல் வகையைத்தான் தேடுகிறார்கள். நீங்கள் தேட வேண்டியது இரண்டாவது வகை.

முதலில் 'வெள்ளி'. நமக்கு அது ரிங்கிட். சிங்கப்பூர்த் தமிழருக்கு வெள்ளி என்றால் அவர்கள் ஊர் டாலர். அந்த விளம்பரத்தைப் படிப்பவர் நம் கட்டணத்தைப் பல மடங்காகக் கணக்குப் போடுவார், "அடேயப்பா, இவ்வளவா!" என்று ஒதுங்கிவிடுவார். சென்னைக்காரருக்கோ வெள்ளி என்றால் கிழமை, இல்லாவிட்டால் கொலுசு செய்கிற உலோகம். கிழமையும் காசும் ஒரே வரியில் வருவதால் அவருக்கு மேலும் குழப்பம். இங்கே 'ரிங்கிட்' என்று எழுதுவதே நேர்மை. இரண்டு வெள்ளிகளையும் பிரிக்கக் கிழமையை 'வெள்ளிக்கிழமை' என்று முழுதாக எழுதிவிடலாம்.

அடுத்து 'பற்றுச்சீட்டு'. சிங்கப்பூரில் அரசு குடும்பங்களுக்குக் கொடுக்கிற சலுகைச் சீட்டு பற்றுச்சீட்டுதான். நமக்கும் அந்தப் பொருள் பழக்கம். இலங்கையில் அது கடையில் பணம் கட்டியதும் தருகிற ரசீது. யாழ்ப்பாணத்து வாசகர், "ஏற்கெனவே ஒருமுறை வந்து பணம் கட்டியவருக்குத்தான் சலுகை போலிருக்கிறது" என்று நினைத்தால் அவர் மேல் பிழை இல்லை. இதற்கு இன்னொரு பெயர்ச்சொல் தேடாதீர்கள். செயலைச் சொல்லுங்கள்: "இந்த விளம்பரத்தைக் காட்டினால் கட்டணம் குறையும்." எந்த ஊர்க்காரருக்கும் விளங்கும். 'விலைக்கழிவு' இலங்கையில் நன்றாகச் செல்லும். தமிழ்நாட்டில் 'தள்ளுபடி' என்றால்தான் காதில் ஏறும், 'கழிவு' என்றாலே அவர்களுக்குச் சாக்கடைதான் ஞாபகம் வரும். 'கட்டணம் குறையும்' என்று எழுதினால் இந்தச் சண்டைக்கே இடமில்லை.

'கம்பம்' நம் வீட்டுச் சொல். தமிழ்நாட்டில் அது ஒரு தூண், அல்லது தேனி மாவட்டத்து ஊர். 'கிராமம்' என்று மாற்றலாம்தான். ஆனால் 'கம்போங்' என்பதை எடுத்துவிடாதீர்கள். அது இடத்தின் பெயரிலேயே இருக்கிறது, வழி கேட்கும்போது அவர்களுக்கு வேண்டும். 'காடி' நமக்குக் கார். பழந்தமிழ் அகராதியைப் புரட்டினால் அது புளித்த நீர். சில ஆசிரியர்கள் இங்கே 'மகிழுந்து' போடச் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. நான்கு நாட்டிலும் ஓடுவது 'கார்' என்ற சொல்தான். 'பசியாறல்' அழகான சொல். ஆனால் தமிழ்நாட்டில் பலருக்கு அது எந்த வேளைச் சாப்பாட்டுக்கும் பொருந்தும். இலவசம் என்று சொல்லும் இடத்தில் இந்தத் தெளிவின்மை வம்பு, ஆகவே 'காலை உணவு'.

எல்லாச் சொல்லையும் பொதுவாக்க வேண்டுமா? வேண்டாம். கம்போங் குவாந்தானில் மோட்டார் இல்லாத படகைத் துடுப்பு போட்டு ஓட்டுவார்கள். நாம் அதைச் சம்பான் என்போம். வெளியூர்க்காரருக்கு அந்தச் சொல் தெரியாது, ஆனால் தப்பாகவும் புரியாது. பக்கத்தில் 'துடுப்புப் படகு' என்று சேர்த்தால் போதும். ஊர் மணமும் தங்கும்.

திருத்திய வடிவம் இது:

"கம்போங் குவாந்தான் கிராமத்தில் மின்மினிகள்! வெள்ளிக்கிழமையும் சனிக்கிழமையும் இரவில் சம்பான் என்னும் துடுப்புப் படகில் சென்று பார்க்கலாம். ஒருவருக்கு 15 மலேசிய ரிங்கிட். இந்த விளம்பரத்தைக் காட்டினால் 13 ரிங்கிட் மட்டுமே. கார் நிறுத்த இடம் உண்டு. இரவு தங்குபவருக்கு மறுநாள் காலை உணவு இலவசம்."

விலை கற்பனைதான்; ஆனால் 'கட்டணம் குறையும்' என்று விடாமல் 13 என்று எழுதியதைக் கவனியுங்கள். வகுப்பில் சோதிக்க ஒரு வழி இருக்கிறது. திருத்திய வரிகளை வெளிநாட்டு உறவினர் ஒருவருக்கு மாணவர்கள் அனுப்பட்டும். "புரிந்ததா?" என்று கேட்கக் கூடாது, எல்லாரும் "புரிந்தது" என்றுதான் சொல்வார்கள். "நான்கு பேர் இந்த விளம்பரத்தோடு வந்தால் எவ்வளவு கட்ட வேண்டும், எந்த நாட்டுப் பணத்தில்?" என்று கேட்க வேண்டும். 52 ரிங்கிட் என்று பதில் வராவிட்டால், எந்தச் சொல்லில் வழுக்கினார் என்று அவரிடமே கேட்டு, அந்தச் சொல்லை மாற்றுங்கள்.