தவணை அட்டவணையும் தோட்டத்து மாதமும்

மலையகத்தில் தொழிலாளர் கடனைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம், கடன் கொடுப்போர் தரப்பிலிருந்து ஒரே சமாதானம் அண்மைக் காலமாகத் திரும்பத் திரும்ப வருகிறது. துண்டு முறை வழங்கிய நாளில், கங்காணியும் அவன் ஆட்களும் பட்ட மொத்தக் கடன் ஒரே தொகையாக ஒரு காகிதத்தில் எழுதப்பட்டதென்றும், அதில் முதல் எது வட்டி எது என்று எவராலும் பிரித்தறிய முடியவில்லையென்றும், 1921இல் சட்டம் அதை ஒழித்து ஒரு நூற்றாண்டு கழிந்த இன்றோ ஒவ்வொரு தவணையும் வட்டியாகவும் முதலாகவும் பிரிக்கப்பட்டு, மீதியும் பக்கத்திலேயே அச்சாகி, தமிழிலேயே கையில் கொடுக்கப்படுகிறதென்றும், ஆகவே மறைப்பதற்கு இனி ஒன்றுமில்லையென்றும் அவர்கள் கூறுகிறார்கள். இந்த அபிப்பிராயத்தின் முற்பகுதி வாஸ்தவம், முடிவுதான் பிழை.

அட்டவணையின் நன்மைகளை மறுப்பதற்கில்லை. ஒரு லட்சம் ரூபாயை ஆண்டுக்கு 24 வீத வட்டியில், அதாவது மாதத்திற்கு 2 வீதத்தில், பன்னிரண்டு சமத் தவணைகளில் தீர்ப்பதாக வைத்துக்கொள்வோம். தவணை 9,456 ரூபாய். முதல் மாதத்தில் அதில் 2,000 வட்டிக்குப் போக, 7,456 முதலில் கழிந்து மீதி 92,544 ஆகிறது, இரண்டாம் மாதம் அந்த மீதிக்கு மட்டுமே வட்டி, 1,851, மீதி 84,939. ஆறாம் தவணைக்குப்பின் மீதி எவ்வளவு என்று கேட்டால், கட்டிய 56,736 ரூபாயை ஒரு லட்சத்திலிருந்து கழித்து 43,264 என்பார் ஒருவர். எஞ்சிய ஆறு தவணைகளைப் பெருக்கி 56,736 என்பார் மற்றொருவர். முன்னவர் இதுவரை செலுத்திய வட்டியை மறந்தார். பின்னவர் இன்னும் ஏறாத வட்டியையும் சேர்த்துவிட்டார். சரியான விடை 52,967. ஆரம்பத் தொகைக்கே மாதந்தோறும் வட்டி போட்டு 10,333 ரூபாய் வாங்கும் தட்டை வட்டியையும் இந்த அட்டவணை காட்டிக்கொடுத்துவிடும். பெயரளவில் அதே 24 வீதமாயினும், குறையும் மீதியின்மேல் கணக்கிட்டால் அது ஏறத்தாழ 42 வீதமாகும். இவ்வளவும் நல்லதே.

ஆனால் இத்தனை நன்மையும் ஒரு நிபந்தனையின்மேல் நிற்கிறது: ஒவ்வொரு தவணையும் குறித்த நாளில், குறித்த தொகையில், குறைவின்றிக் கட்டப்பட்டிருக்க வேண்டும். கடன் கொடுத்த அன்று அச்சிடப்பட்ட காகிதத்திற்கு அதன்பின் நடந்த எதுவும் தெரியாது. ஹட்டன் நிலையத்துச் சுவரில் ஒட்டியிருக்கும் ரயில் நேர அட்டவணை, பதுளை வண்டி இந்நேரம் எங்கே நிற்கிறதென்று எப்படிச் சொல்லாதோ, அப்படியே இதுவும் இன்றைய மீதியைச் சொல்லாது. வரவேண்டிய மீதியைத்தான் சொல்லும். மாதச் சம்பளம் மாறாத உத்தியோகஸ்தருக்கு இவ்விரண்டும் ஒன்றே. தோட்டத் தொழிலாளிக்கு அப்படியல்ல.

2024இல் நிர்ணயமான 1,350 ரூபாய் நாட்சம்பளத்தையே எடுத்துக்கொள்வோம். கொழுந்து நன்றாக விளையும் மாதத்தில் இருபது பேர் விழுந்தால் 27,000 ரூபாய். சேமலாப நிதிக்கு 8 வீதம் போக 24,840. அதில் 9,456 பாரமே எனினும் கட்டலாம். வறட்சியில் கொழுந்து குறைந்து, பன்னிரண்டு பேர்தான் விழுந்தால், 16,200 ரூபாயில் நிதி போக நிற்பது 14,904. சங்கச் சந்தாவும், முன்பு வாங்கிய தீபாவளி முற்பணத்தின் பிடிப்பும், அரிசி மாவுக்கான கழிவும் இதிலிருந்தே போகவேண்டும். அம்மாதத்தில் அரைத்தவணை கட்டுவதே ஒரு குடும்பத்தின் சக்திக்கு மிஞ்சிய காரியம்.

அந்த அரைத்தவணை மூன்றாம் மாதத்தில் நேர்கிறதென்று கொள்வோம். கட்டியது 4,728. முந்திய மீதி 84,939க்கு வட்டி 1,699 எடுக்கப்பட, முதலில் கழிவது 3,029 மட்டும். மெய்யான மீதி 81,910. அட்டவணையிலோ 77,182 என்றே இருக்கிறது. நான்காம் மாதம் முழுத்தவணை கட்டப்படுகிறது. அட்டவணை அதில் வட்டி 1,544 என்கிறது, உண்மையில் போவது 1,638. அந்த ஒரு மாதத்திற்குப்பின் வரும் ஒவ்வொரு வரியிலும் வட்டி பொய், முதல் பொய், மீதி பொய். ஆறாம் தவணை முடிந்து, பிள்ளை கொழும்பிலிருந்து அனுப்பிய பணத்தைக் கொண்டு கடனை அடைத்துவிடலாமென்று காகிதத்தைப் பார்த்து 52,967 ரூபாயோடு போகும் தாய்க்கு, 57,984 என்று பதில் வருகிறது. அவள் போகாமல் கடைசிவரை கட்டினாலும், காகிதத்தில் மீதி பூச்சியமென்று இருக்கும் பன்னிரண்டாம் மாதத்தில் இன்னும் 5,650 ரூபாய் நிற்கும். அன்று குறைந்த 4,728 ஒன்பது மாத வட்டியோடு வளர்ந்த தொகை அது. தாமதக் கட்டணம் ஒன்றும் போடாத, நியாயமான கணக்கிலேயே இவ்வளவு வித்தியாசம்! தாமதக் கட்டணமும் சேருமானால், 57,984ஐத் தாண்டிக் கேட்கப்படும் ஒவ்வொரு ரூபாயும் நியாயமா அநியாயமா என்று சோதிப்பதற்கு அவளிடம் எந்த ஆதாரமும் இல்லை. அவள் கையிலிருப்பது நடவாத ஒரு வருஷத்தின் சரித்திரம்.

கூடுதலாகக் கட்டினாலும் கதி இதுவே. கைக்கு வந்த 5,000 ரூபாயை ஒருத்தி முன்கூட்டிக் கொடுத்தால், அது அன்றே முதலில் கழிந்து அடுத்த மாத வட்டியை நூறு ரூபாய் குறைத்ததா, அல்லது வரும் தவணைக்கு முற்பணமாக வட்டிக் குறைப்பின்றிக் கிடக்கிறதா என்பதை அட்டவணை காட்டாது.

இதனால்தான், துண்டு முறையோடு ஒப்பிட்டு அட்டவணையைப் புகழ்வது எமக்குச் சம்மதமில்லை. துண்டு கொடிய முறை. அதில் எழுதிய தொகையும் பலவேளை அநியாயமானது. எனினும் அது, ஆளை விடுவிக்க அன்றைக்கு எவ்வளவு கட்டவேண்டுமென்ற ஒரே கேள்விக்காவது ஒரு தொகையைச் சொன்னது. மூன்று நிரல்களும் பன்னிரண்டு வரிகளும் உள்ள இக்காலக் காகிதம், தவணை ஒன்று தவறியபின், அந்தக் கேள்விக்கு மட்டும் விடை தராமல் நிற்கிறது.

இதற்குப் பரிகாரமாகப் பெரிய சூத்திரம் எதுவும் வேண்டுவதில்லை. போன மாத மீதியில் நூற்றுக்கு இரண்டு எடுத்தால் இம்மாத வட்டி. கட்டிய பணத்தில் அந்த வட்டி போக எஞ்சுவது முதல். அந்த முதலைப் போன மாத மீதியில் கழித்தால் இன்றைய மீதி. கட்டிய பணம் வட்டிக்கே போதாவிட்டால் மீதி ஏறும். அட்டவணையைத் தயாரிப்பவரும் இதைத்தான் பன்னிரண்டு முறை செய்கிறார். எழுதவேண்டியது, மெய்யாகக் கட்டிய தொகையைக் கொண்டு, கட்டிய நாளில். தவணை சம்பளத்தில் பிடிக்கப்படும் தோட்டங்களில், செக்ரோலைப் பார்த்துப் பேர்களையும் பிடிப்புகளையும் சம்பளச் சீட்டில் பதியும் அலுவலர், கடன் பிடிப்புக்கு நேரே வட்டி, முதல், மீதி என்ற மூன்று எண்களையும் பதியலாம். கடன்காரர் லயத்துக்கே வந்து தவணை வாங்கும் இடங்களில், கொடுக்கும் பற்றுச்சீட்டில் அந்த மூன்றையும் எழுதலாம். வேலை பெருகுமென்பது இதற்குச் சொல்லப்படும் தடை. ஆனால் கடன் கொடுத்தவருடைய பேரேட்டில் அம்மூன்று எண்களும் மாதந்தோறும் ஏற்கெனவே எழுதப்பட்டுத்தான் இருக்கின்றன. அந்தப் பேரேடு இல்லாமல் அவர் தாயிடம் 57,984 என்று சொல்லியிருக்க முடியாது.