கணிப்பின் மேல் நிற்கும் லாபம்

ஆண்டுச் சந்தாவில் பணம் கைக்கு வரும் நாளும் அது வருமானமாக மாறும் நாளும் வேறு வேறு என்பதை இன்று சிறு நிறுவனங்களின் கணக்காளர்களும் அறிவார்கள். ஜனவரி 1-ஆம் தேதி 1,20,000 ரூபாய்க்கு ஒரு மென்பொருளின் ஓராண்டுச் சந்தா விற்கிறது என்று வைத்துக்கொள்வோம். மார்ச் 31-இல் மூன்று மாதச் சேவைதான் கொடுத்திருக்கிறோம். ஆகவே 30,000 ரூபாய் வருமானம். மீதி 90,000 ரூபாய் வாடிக்கையாளருக்கு இன்னும் கொடுக்க வேண்டிய சேவை, அதாவது பொறுப்பு. 18 விழுக்காடு ஜி.எஸ்.டி.யான 21,600 ரூபாயை மட்டும் முழுத் தொகைக்கும் முதலிலேயே கட்டிவிட வேண்டும். அதனால் ஜி.எஸ்.டி. ரிட்டர்னில் உள்ள விற்பனையும் புத்தகத்தில் உள்ள விற்பனையும் ஒத்துப்போகாது, ஒத்துப்போகவும் கூடாது. இரண்டையும் சமமாக்குவதற்காகப் புத்தகத்தைத் திருத்துவதுதான் இங்கே நடக்கும் பெரிய பிழை. மற்றபடி சந்தாவில் அளவுகோல் காலண்டர். அதை யாரும் வளைக்க முடியாது.

கட்டம் கட்டமாகப் பில் போடும் திட்டத்தில் அப்படி ஒரு காலண்டர் இல்லை. ஒரு தொழிற்சாலைக்கு மென்பொருள் அமைத்துத் தரும் ஒப்பந்தம், மதிப்பு 1 கோடி ரூபாய். கையெழுத்தானதும் 30 விழுக்காடு, வடிவமைப்புக்கு ஒப்புதல் கிடைத்ததும் 30, மென்பொருள் ஓடத் தொடங்கியதும் 30, கடைசி 10 உத்தரவாதக் காலம் முடிந்த பிறகு. மொத்தச் செலவு 70 லட்சம் ஆகும் என்று திட்ட மேலாளர் கணித்திருக்கிறார். மார்ச் 31-க்குள் முதல் இரண்டு பில்களும் போய்விட்டன. செலவு 28 லட்சம் ஆகியிருக்கிறது. பில் போட்டதெல்லாம் வருமானம் என்று எடுத்தால் 60 லட்சத்தில் 28 போக, இந்த ஆண்டு லாபம் 32 லட்சம். ஒப்பந்தம் முழுவதிலும் கிடைக்கக்கூடிய லாபமே 30 லட்சம்தான். பாதி வேலைகூட முடியாத நிலையில் முழு லாபத்துக்கும் மேலாகக் காட்டிவிட்டு, அடுத்த ஆண்டு 40 லட்சம் பில்லுக்கு 42 லட்சம் செலவு என்று நஷ்டம் காட்ட வேண்டிவரும். பில் அட்டவணை பேரம் பேசி முடிவானது. யாருக்கு எப்போது பணம் தேவை, யார் யாரை எவ்வளவு நம்புகிறார் என்பதைத்தான் அது சொல்கிறது. எவ்வளவு வேலை நடந்தது என்பதை அல்ல.

இந்தியாவில் பட்டியலிடப்பட்ட நிறுவனங்களும் பெரிய நிறுவனங்களும் 2018 ஏப்ரல் 1 முதல் பின்பற்றும் இன்ட் ஏ.எஸ். 115, ஒப்பந்தம் சில நிபந்தனைகளுக்குள் வந்தால், வேலை நகர நகர வருமானத்தை எடுக்கச் சொல்கிறது. அந்த நகர்வை அளக்க அதிகம் பயன்படும் வழி, மொத்தச் செலவில் இதுவரை ஆன செலவு எத்தனை பங்கு என்று பார்ப்பது. நம் ஒப்பந்தத்தில் 70-இல் 28, அதாவது 40 விழுக்காடு. வருமானம் 40 லட்சம், லாபம் 12 லட்சம். பில் போட்டதில் மிச்சமுள்ள 20 லட்சம் பேலன்ஸ் ஷீட்டில் பொறுப்பாக நிற்கும். செய்த வேலைக்கு ஏற்ற லாபம் அந்தந்த ஆண்டில் வருகிறது. கொள்கை அளவில் இதைவிட நியாயமான முறை எனக்குத் தெரிந்து இல்லை.

குறை எங்கே என்றால், 28 லட்சத்துக்கு வவுச்சர் உண்டு, 70 லட்சத்துக்கு இல்லை. அது ஒருவருடைய கணிப்பு. உண்மையான மொத்தச் செலவு 84 லட்சம் என்றால் வேலை முடிந்திருப்பது மூன்றில் ஒரு பங்கு. வருமானம் சுமார் 33.3 லட்சம், லாபம் 5.3 லட்சம். கணிப்பு ஐந்தில் ஒரு பங்கு ஏறியதும் இந்த ஆண்டின் லாபம் பாதிக்கும் கீழே போய்விட்டது. காரணம், குறைத்துப் போட்ட கணிப்பு இரண்டு வழியில் லாபத்தைக் கூட்டுகிறது: வேலை அதிகம் நகர்ந்ததுபோல் காட்டுகிறது, ஒவ்வொரு ரூபாய் வருமானத்திலும் உள்ள லாபத்தையும் பெரிதாக்குகிறது. உண்மையான செலவு 1 கோடியைத் தாண்டினால் நிலை இன்னும் கடுமை. முழு நஷ்டத்தையும் அது தெரிந்த ஆண்டிலேயே எடுக்க வேண்டும். கணிப்பை 99 லட்சத்தில் நிறுத்தி வைக்க வேண்டும் என்ற ஆசை பிறப்பது அங்கேதான்.

ஜப்பானின் தோஷிபா நிறுவனத்தில் இது நடந்தது. ஏழு ஆண்டுகளில் சுமார் 15,200 கோடி யென் அளவுக்கு லாபத்தை மிகைப்படுத்தியிருந்ததாக 2015 ஜூலையில் விசாரணைக் குழு அறிக்கை தந்தது. தலைவர் ஹிசாவோ தனாகா பதவி விலகினார். கணினிப் பிரிவின் உதிரிபாக விற்பனை உட்பட வேறு வழிகளும் அதில் இருந்தன. ஆனால் உள்கட்டமைப்புத் திட்டங்களில் நடந்தது, மொத்தச் செலவைக் குறைத்துக் கணித்ததும், தெரிந்த நஷ்டத்துக்கு ஒதுக்கீடு செய்யாமல் தள்ளிப்போட்டதும்தான். போலி பில் அச்சடிக்கத் தேவையிருக்கவில்லை. மேலிருந்து இலக்கு வந்தது, கணிப்பு கீழே இறங்கியது.

அப்படியானால் பில்லே மேல், அதிலாவது இரு தரப்பின் கையெழுத்து இருக்கிறது என்று வாதிடுவோர் உண்டு. கையெழுத்து உண்மைதான், ஆனால் அது தருகிற 32 லட்சம் லாபம் எந்தக் கணிப்பைவிடவும் தவறு. முதல் கட்டத்தில் அதிகம் வாங்கத் தெரிந்த விற்பனை அதிகாரி, லாபத்தையும் முன்னால் இழுத்துவிடுவார். இன்னொரு வாதம், வேலை முடியும்வரை லாபமே காட்டாதிருப்பது. மூன்று மாத வேலைக்கு அது சரி. இரண்டு மூன்று ஆண்டு ஓடும் திட்டங்களில் அது நல்ல ஆண்டையும் கெட்ட ஆண்டையும் ஒரே நாளில் கொட்டிவிடும்; எந்தத் திட்டத்தை மார்ச்சில் முடிப்பது, எதை ஏப்ரலுக்குத் தள்ளுவது என்ற வேறொரு வளைப்புக்கும் இடம் தரும்.

இந்த இரண்டுக்கும் நடுவே ஒரு வழி நியமத்திலேயே இருக்கிறது. அதைப் போதிய அளவு யாரும் பயன்படுத்துவதில்லை என்பது என் குறை. முடிவை நம்பகமாகக் கணிக்க இயலாத தொடக்கக் கட்டத்தில், செலவு திரும்பக் கிடைக்கும் என்ற எதிர்பார்ப்பு இருந்தால், ஆன செலவு அளவுக்கு மட்டும் வருமானம் எடுத்து, லாபத்தை நிறுத்தி வைக்கலாம். வடிவமைப்புக்கு ஒப்புதலே வராத திட்டத்தில் மொத்தச் செலவு இவ்வளவு என்று உறுதியாகச் சொல்பவரை நம்புவதைவிட இது நேர்மையானது. லாபத்தைத் தள்ளிப்போட இதையும் சிலர் பயன்படுத்துவார்கள் என்பது உண்மை. ஆனால் ஒப்புதல் வந்த தேதி கடிதத்தில் இருக்கும். அதற்கு மேல் நிறுத்தி வைக்க முடியாது.

வளைப்பு நடக்கிறதா என்பதை வெளியிலிருந்து பார்ப்பவருக்குக் காட்டும் தடயம், பில் போடாமலேயே வருமானமாக எடுத்த தொகை. அது பேலன்ஸ் ஷீட்டில் ஒப்பந்தச் சொத்தாக நிற்கும். விற்பனையைவிட வேகமாக அது வளர்ந்துகொண்டே போனால், வாடிக்கையாளர் ஏற்காத முன்னேற்றத்தை நிறுவனம் ஏற்றுக்கொண்டிருக்கிறது என்று சந்தேகிக்க வேண்டும். நம் உதாரணம்போல் முன்பணம் அதிகம் வாங்கும் திட்டங்களில் இந்தத் தடயம் கிடைக்காது. அங்கே மிகைப்படுத்திய வருமானம் பொறுப்பைத்தான் குறைக்கும், அது யார் கண்ணிலும் படாது. உள்ளே இருக்கும் ஆடிட்டருக்கு வேறு வழி உண்டு. முடிந்துபோன திட்டங்களை எடுத்து, ஒவ்வொரு மார்ச்சிலும் கணித்த மொத்தச் செலவையும் கடைசியில் ஆன செலவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். பிழைகள் இரு பக்கமும் சிதறியிருந்தால் அது கணிப்பின் இயல்பு. எல்லாம் குறைவாகவே விழுந்திருந்தால், இந்த ஆண்டின் 70 லட்சத்தையும் அதே விகிதத்தில் உயர்த்தித்தான் லாபத்தைப் படிக்க வேண்டும். நிறுவனங்கள் ஒப்பந்தச் சொத்தையும் பொறுப்பையும் மொத்தமாகத்தான் வெளியிடுகின்றன. இந்த ஒப்பீட்டையும் ஆண்டறிக்கையில் ஒரு பக்கமாவது வெளியிட்டால், முதலீட்டாளர் மேலாளரின் வாக்கை மட்டும் நம்பியிருக்க வேண்டியதில்லை.