தீர்ப்பும் தீர்ப்பிடைச் சொல்லும்

சட்டம் பயிலப் புகும் மாணாக்கருக்கென அமைந்த வாசக நூலொன்றை அண்மையிற் படிக்க நேர்ந்தது. வழக்குச் சுருக்கங்கள் பலவும் தெளிவுற அமைந்துள்ளன. ஆயின், ‘ஹை றீஸ்’ வழக்கு என வழங்கும் ஆங்கில வழக்கின் சுருக்கத்தில் மட்டும் எமக்கு உடன்பாடில்லை. கைம்மாறு பெறாது கொடுத்த வாக்காயினும், அதனை நம்பி மற்றவர் நடந்தபின் வாக்களித்தவர் அதனை மீறலாகாது எனத் தீர்க்கப்பட்டதாக அந்நூல் கூறுகின்றது. வழக்கில் வென்றவர் யாவர் என்பதை அது கூறவில்லை. வென்றது, முழு வாடகையையும் மீளக் கேட்ட உடைமைக் கம்பனியே!

வழக்கின் வரலாறு இது. 1937 ஆம் ஆண்டில் இலண்டனிலுள்ள மாடிக் குடியிருப்பொன்று, ஆண்டுக்கு 2,500 பவுண் வாடகையாக, 99 ஆண்டுக் குத்தகைக்கு விடப்பட்டது. போர் மூண்டதும் வீடுகளிற் குடிவருவார் அருகினர். ஆகவே 1940 இல் உடைமைக் கம்பனி வாடகையை 1,250 பவுணாகக் குறைக்க இசைந்தது. இவ்விசைவுக்கு ஈடாகக் குத்தகைக் கம்பனி எதையும் கொடுக்கவில்லை. அதாவது, ஆங்கிலச் சட்டம் வேண்டும் கைம்மாறு இங்கே இல்லை. (நம் நாட்டு ஒப்பந்தச் சட்டத்துக்கு அடிப்படையான உரோம-டச்சுச் சட்டம் அதனை வேண்டுவதில்லை.) 1945 இன் தொடக்கத்தில் வீடுகள் யாவும் நிரம்பிவிட்டன. அவ்வாண்டுச் செத்தெம்பரில், கடனீந்தோர் சார்பில் நியமிக்கப்பட்டிருந்த பெறுநர், இனி முழு வாடகை வேண்டுமென்றும் கடந்த நிலுவையாக 7,916 பவுண் வேண்டுமென்றும் எழுதினார். ஆனால் சட்டநிலையை அறியும்பொருட்டு வழக்கிட்டபோது கேட்டதோ 625 பவுண் மட்டுமே. அது 1945 இன் இறுதி இரு காலாண்டுகளுக்குரிய குறை.

நீதிபதி டெனிங் அத்தொகையை அளித்தார். 1940 இன் இசைவு, வீடுகள் முற்றும் நிரம்பாதிருந்த போர்க்கால நிலைமைக்கு மட்டுமே உரியது. அந்நிலைமை 1945 இன் தொடக்கத்தில் நீங்கியது. இதுவே தீர்ப்பைத் தாங்கும் நியாயம். இதனையே சட்ட நூலார் ‘றேசியோ டெசிடெண்டை’ என்பர். நீதிபதி மேலும் ஒன்று கூறினார்: போர்க்கால நிலுவையைக் கேட்டிருப்பின், கொடுத்த வாக்கு அதனைத் தடுத்திருக்கும். அந்நிலுவையோ கேட்கப்படவேயில்லை. ஆகவே இது போகிறபோக்கிற் கூறிய ‘ஒபிற்றர் டிக்டம்’. வாசக நூல் தீர்ப்பெனக் காட்டுவது இதனையே.

இவ்விரண்டையும் பிரித்தறிய அமெரிக்கப் பேராசிரியர் வாம்போ ஒரு சோதனை வகுத்தார். கூற்றொன்றை எதிர்மறையாக மாற்றிப் பார்க்க வேண்டும். மாற்றியபின்பும் முடிவு மாறாதெனின் அக்கூற்று முடிவுக்கு அடிப்படையன்று. ‘கைம்மாறற்ற வாக்கு எவரையும் கட்டுப்படுத்தாது’ என மாற்றுவோம். உடைமைக் கம்பனி அப்போதும் 625 பவுணைப் பெறும். மாறாக, வாக்குக் கட்டுப்படுத்துமென வைத்துக்கொண்டு, ‘இசைவு குத்தகைக் காலம் முழுமைக்கும் உரியது’ என மாற்றினால் அக்கம்பனி தோற்கும். சோதனை குறையற்றதன்று. ஒரே முடிவுக்கு நீதிபதி தனித்தனியே இரு நியாயங்கள் கூறுமிடத்து, எதனை மாற்றினும் மற்றது முடிவைத் தாங்கும். சோதனைப்படி இரண்டும் தள்ளுண்டு போம். நீதிமன்றங்களோ அவ்விரண்டையும் கட்டுப்படுத்துவனவாகவே கொள்கின்றன.

இவ்வேறுபாடு வெறும் பெயர் வேறுபாடென எண்ணலாகாது. கடனிற் சிறுபகுதியைப் பெற்று எஞ்சியதை விடுவதாகக் கூறிய வாக்குக் கட்டுப்படுத்தாது என்பது, 1884 இல் போக்ஸ் எதிர் பீர் வழக்கிற் பிரபுக்கள் சபை கூறிய தீர்ப்பு. 7,916 பவுணும் உண்மையாகவே கோரப்பட்டிருப்பின், டெனிங் அத்தீர்ப்பை நேர்நின்று கடக்க வேண்டியிருந்திருக்கும். அவர் அதனைச் சில சொற்களிற் கடந்தார். பணம் எதுவும் அச்சொற்களைச் சார்ந்திருக்கவில்லை.

வழக்கிற் சோதிக்கப்படாத கூற்றுக்கு எல்லையும் தெளிவாக வரையப்படுவதில்லை. 1951 இல் கூம் எதிர் கூம் வழக்கில் அது வெளிப்பட்டது. மணமுறிவின்போது கணவன் ஆண்டுக்கு 100 பவுண் தருவதாக வாக்களித்துக் கொடாதிருந்தான். விசாரணை நீதிபதி ஹை றீஸ் கோட்பாட்டைப் பற்றி மனைவிக்கு 600 பவுண் அளித்தார். மேன்முறையீட்டு மன்றம் அதனை மாற்றியது. வழக்கொன்றுக்குத் தடையாக நிற்கக்கூடிய அக்கோட்பாடு புதியதொரு வழக்கை எழுப்பமாட்டாது என்று அங்கே கூறியவர்களுள் டெனிங்கும் ஒருவர்.

ஹை றீஸ் கூற்று மதிப்பற்றதென நாம் கூறவில்லை. பிற்கால நீதிபதிகள் பலர் அதனை ஏற்றுப் பெருக்கினர். தீர்ப்பைக்காட்டிலும் அக்கூற்றே இன்று பெயர்பெற்றுள்ளது. அப்பெயரே சுருக்கம் எழுதியவரை மயக்கியது போலும். அடுத்த பதிப்பில், ‘வாதி முழு வாடகையைப் பெற்றார், இசைவு போர்க்கால நிலைமையோடு முடிந்தது எனத் தீர்க்கப்பட்டது. போர்க்கால நிலுவையைக் கேட்டிருப்பின் கிடைத்திராது எனவும் நீதிபதி கருதினார்’ என இரு வாக்கியங்கள் அவ்விடத்தில் அமையுமாயின் போதும்.