திணை: நிலமா, ஒழுக்கமா? வன்னியிலிருந்து ஒரு வாசிப்பு

திணை என்றதும் பள்ளியில் மனனம் செய்த அட்டவணைதான் பலருக்கும் நினைவுக்கு வரும். மலை குறிஞ்சி, காடு முல்லை, வயல் மருதம், கடல் நெய்தல், வறண்ட நிலம் பாலை. அதைக் கொண்டு வன்னியைப் பார்த்தால் மலை ஒன்றைத் தவிர மற்றவை பொருந்துவதுபோலவே தோன்றும். இரணைமடுவுக்குக் கீழே வயல், அதற்கப்பால் காடு, முல்லைத்தீவில் கடல், நந்திக்கடலில் களப்பு. ஆனால் சங்கப் பாடலைப் படிக்க இந்த அட்டவணை எவ்வளவு தூரம் துணைவரும்?

தொல்காப்பியம் அகத்திணைகள் ஏழு என்கிறது. கைக்கிளைக்கும் பெருந்திணைக்கும் அது நிலம் எதுவும் சொல்லவில்லை. நடுவிலுள்ள ஐந்திலும் நான்குக்கே நிலம் வகுக்கிறது, பாலைக்கு இல்லை. முல்லையும் குறிஞ்சியும் வெயிலில் தம் இயல்பு கெட்டுப் பாலையாகும் என்று பின்னர் சிலப்பதிகாரம்தான் விளக்குகிறது. திணை என்பது நிலத்தின் பெயர் மட்டுமே என்றால் ஏழில் மூன்று நிலமில்லாமல் நின்றிருக்காது. நச்சினார்க்கினியர் திணைக்கு ஒழுக்கம் என்று பொருள் கொண்டதன் நியாயம் இதில் விளங்கும். நிலமும் பொழுதும் முதற்பொருள்; தெய்வம், உணவு, மரம், பறவை, தொழில் போன்றவை கருப்பொருள்; புணர்தல், பிரிதல், இருத்தல், இரங்கல், ஊடல் என்பவை உரிப்பொருள். இம்மூன்றில் ஒன்றைவிட அடுத்தது சிறந்தது என்பது தொல்காப்பியர் முடிவு. ஆகவே உரிப்பொருளே தலையாயது.

இதற்கு நல்ல சான்று, பெயரிலேயே ஈழத்தைத் தாங்கிய மதுரை ஈழத்துப் பூதன்தேவன் பாடிய குறுந்தொகை 189ஆம் பாடல். வினைமேல் செல்லவேண்டிய தலைவன் தேர்ப்பாகனிடம் பேசுகிறான். இன்றே போய் நாளையே திரும்பிவிட வேண்டும் என்பது அவன் எண்ணம். தேர் மலையருவிபோல் பாய வேண்டும். இளம்பிறை போன்ற சக்கரம் பசும்பயிரை அறுத்துக்கொண்டு ஓட வேண்டும். மாலையில் அவளை அடைந்து மகிழலாம் என்கிறான். இதில் வெயிலோ கள்ளியோ காய்ந்த சுனையோ இல்லை. அருவியும் பயிருமே உள்ளன. ஆனாலும் இதன் திணை பாலை. அவன் இன்னும் புறப்படவில்லை. பேச்செல்லாம் திரும்பி வருவதைப் பற்றியே. அந்த அவசரத்துக்குள் இருப்பது பிரிவு. அட்டவணையோடு வருபவர் பயிரைக் கண்டு மருதம் என்று சொல்லிவிடுவார். உரிப்பொருளைத் தேடுபவர் தவறமாட்டார்.

பொழுதிலும் இதே சிக்கல் உண்டு. முல்லைக்குரிய கார்காலம் ஆவணியும் புரட்டாசியும். வன்னியில் ஆவணி என்பது சோளகக் காற்று வீசி, குளங்கள் வற்றிக் கிடக்கும் மாதம். பெருமழை ஐப்பசியிலும் கார்த்திகையிலும்தான் வரும். காலபோகம் அதை நம்பியே விதைக்கப்படுகிறது. எனவே மழையோடு திரும்புவேன் என்று சொல்லிப் போனவனுக்காக ஒருத்தி காத்திருக்கும் பாடலை வன்னி வாசகர் தம் நாட்காட்டியில் வைத்துப் படிக்க முடியாது. மாதம் மாறினாலும் காத்திருப்பு அப்படியே நிற்கிறது. அதுதான் முல்லை.

அப்படியானால் நிலம் வெறும் பின்னணியா? இல்லை. இருபதாம் நூற்றாண்டில் ஈழத்து அறிஞர் இருவர் நிலத்தின் பங்கை அழுத்தமாக நிறுவினர். சங்கப் பாடல் இயற்கையை மனித உணர்வோடு எப்படி இணைக்கிறது என்று தனிநாயகம் அடிகள் ஆராய்ந்தார். கார்த்திகேசு சிவத்தம்பி 1974இல் வெளியிட்ட கட்டுரையில், வேட்டையும் மேய்ச்சலும் உழவும் மீன்பிடியும் ஒரே காலத்தில் வெவ்வேறு வளர்ச்சி நிலைகளில் இருந்த சமூகத்தைத் திணைக்குள் கண்டார். இந்த வாசிப்பு வன்னிக்கு நெருக்கமானது. காட்டில் தேன் எடுப்பவரும் மாட்டுப்பட்டி வைத்திருப்பவரும் வயல் செய்பவரும் களப்பில் வலை வீசுபவரும் இங்கே அயலவர்கள். ஒரே குடும்பத்தில் இரு தொழில்கள் இருப்பதும் வழக்கம். உரிப்பொருள் அல்லாதவை மயங்கலாம் என்று தொல்காப்பியர் இடம் விட்டிருப்பதால், ஒரு திணைப் பறவையும் பூவும் தொழிலும் வேறொரு திணைப் பாடலுக்குள் வந்தால் அது பிழையாகாது.

சிவத்தம்பியின் விளக்கத்துக்கும் ஓர் எல்லை உண்டு. மேய்ச்சல் சமூகம் எப்படி வாழ்ந்தது என்பதை அது சொல்லும். மேய்ச்சல் நிலம் ஏன் காத்திருப்பின் நிலமாயிற்று என்பதற்குக் கவிமரபையே நாட வேண்டும். பிற்காலத்தில் புலம்பெயர்ந்தோரின் பனிநிலத்தை ஆறாம் திணை என்றார்கள். அதற்கும் உரிப்பொருளே உரைகல். பனி பெய்வதால் மட்டும் புதிய திணை பிறக்காது. பழைய ஐந்தில் அடங்காத ஓர் உரிப்பொருள் அந்த வாழ்வில் இருந்தால்தான் பிறக்கும்.

எனவே சங்கப் பாடலைக் கையில் எடுப்பவர்கள் முதலில் இது யார் யாரிடம் எந்த நிலையில் பேசுவது என்று கேளுங்கள். அதன்பின் பூவையும் பறவையையும், கடைசியாக நிலத்தையும் மாதத்தையும் பாருங்கள். பள்ளி அட்டவணையையும் இந்த வரிசையிலேயே கற்பிக்க வேண்டும்.