சமர்ப்பணப் பக்கம் சொல்லும் சாட்சி

கல்முனைப் பக்கத்தில் ஒரு கவிஞரையோ கலைஞரையோ பற்றி நினைவு மலர் போடுகிறவர்கள் முதலில் தேடுவது இரண்டு விடயங்களை: அவர் எங்கே படித்தார், யாரிடம் படித்தார். கைக்கு எளிதில் கிடைப்பவை அவருடைய நூல்களின் சமர்ப்பணப் பக்கமும், அவரோ அவருடைய நண்பர்களோ எழுதிவைத்த நினைவுக் குறிப்புகளும்தான். அவற்றிலிருந்து ஒரு பட்டியல் தயாராகிறது. பிறகு வருகிற மலர்கள் எல்லாம் அந்தப் பட்டியலையே எடுத்துப் போடுகின்றன. இந்த வழக்கம் எவ்வளவு தூரம் நம்பத்தக்கது என்பதை, சாய்ந்தமருதுக்கும் நிந்தவூருக்கும் நடுவிலுள்ள காரைதீவில் 1892இல் பிறந்த சுவாமி விபுலாநந்தரை வைத்தே பார்க்கலாம். யாழ்நூல் எழுதிய அவரைப் பற்றி இந்தக் கரையில் எழுதப்பட்ட அளவுக்கு வேறு எவரைப் பற்றியும் எழுதப்படவில்லை.

முதலில் இந்த வழக்கத்தின் பலம். காரைதீவில் அவருக்கு எழுத்தறிவித்தவர் குஞ்சித்தம்பி ஆசிரியர். இந்தப் பெயர் இன்றும் நிலைத்திருப்பதற்கு முக்கிய காரணம், பள்ளிப் பருவத்திலேயே தம் ஆசிரியரைப் போற்றி அவர் பாடிய ஒரு செய்யுள். பிற்காலத்தில் திரும்பிப் பார்த்து எழுதியதாக இருந்தால் அதைச் சற்று நிறுத்துப் பார்க்க வேண்டியிருக்கும். மாணவன் மாணவனாக இருக்கும்போதே எழுதியதால் அதன் பெறுமதி கூடுகிறது. ஒரு கிராமத்து ஆசிரியரின் பெயரை எந்தத் திணைக்கள ஆவணமும் இவ்வளவு அக்கறையோடு காத்துவைப்பதில்லை. இங்கே நன்றிச் சொல்தான் முதல் ஆவணம்.

இன்னொரு பலமும் உண்டு. பள்ளி இடாப்பில் ஏறாத உறவுகளைச் சமர்ப்பணமும் நினைவுக் குறிப்பும் பிடித்துவைக்கின்றன. கல்முனைக்குடியில் 1944இல் பிறந்த எம்.ஏ. நுஃமானின் கல்விப் பாதையைத் தாள்களில் தேடினால் அட்டாளைச்சேனை ஆசிரியர் கலாசாலை வரும், பல்கலைக்கழகங்கள் வரும். பெரியநீலாவணைக் கவிஞர் நீலாவணன் அந்தத் தாள்களில் வரமாட்டார். கவிதையில் தமக்கு வழிகாட்டியவராக நுஃமான் சொல்வது அவரைத்தான். முஸ்லிம் ஊர் இளைஞனுக்கும் பக்கத்துத் தமிழ் ஊர்க் கவிஞருக்கும் இருந்த அந்தத் தொடர்பு சொல்லிவைத்தால்தான் தெரியும். சான்றிதழில் அதற்கு இடமில்லை.

இனிக் குறைகளுக்கு வருவோம். மிகப் பரவலான பிழை, ஒருவர் தேர்வு எழுதிய நிறுவனத்தை அவர் படித்த இடமாக எண்ணிவிடுவது. விபுலாநந்தரின் வாழ்க்கைக் குறிப்புகளில் மூன்று பெரிய பெயர்கள் வரும். ஒன்று கேம்பிரிட்ஜ் சீனியர் தேர்வு. இரண்டு, 1916இல் தேறிய மதுரைத் தமிழ்ச் சங்கத்துப் பண்டிதர் தேர்வு. மூன்று, 1920இல் பெற்ற இலண்டன் பல்கலைக்கழக விஞ்ஞானப் பட்டம். இந்த மூன்று இடங்களிலும் அவர் வகுப்பில் உட்காரவில்லை. கேம்பிரிட்ஜ் தேர்வுக்கு அவர் படித்தது மட்டக்களப்பு புனித மைக்கேல் கல்லூரியில். பண்டிதர் தேர்வுக்குத் தயாரான காலத்தில் அவர் இருந்தது இலங்கையில். இலண்டன் பட்டத்துக்குப் படித்தபோது யாழ்ப்பாணம் புனித பத்திரிசியார் கல்லூரியில் விஞ்ஞானம் கற்பித்துக்கொண்டிருந்தார். கொலனித்துவக் காலத்து வெளிவாரித் தேர்வு முறையை மறந்துவிட்டு இந்தக் குறிப்புகளைப் படிக்கிற இன்றைய மாணவன், சுவாமி இலண்டனுக்குப் போய்ப் படித்து வந்தவர் என்று நினைப்பதில் வியப்பில்லை.

அதனால் விளைகிற நட்டம் சிறியதல்ல. தேர்வை நடத்திய நிறுவனம் முன்னுக்கு வரும்போது, உண்மையில் கற்பித்தவர்கள் பின்னுக்குப் போய்விடுகிறார்கள். 1911இல் கொழும்பு ஆசிரிய பயிற்சிக் கல்லூரிக்குப் போன காலத்தில் தென்கோவைக் கந்தையாபிள்ளை, கைலாசபிள்ளை போன்றவர்களிடம் அவர் தமிழ் கேட்டார். பண்டிதர் பட்டத்தின் பின்னால் இருந்த உழைப்பு அங்கே நடந்தது. அதே 1916இல் கொழும்பு தொழில்நுட்பக் கல்லூரியில் விஞ்ஞான டிப்ளோமாவும் பெற்றார். யாழ்நூலில் நரம்புகளின் நீளத்தையும் சுருதிகளின் விகிதத்தையும் கணக்கிட்டு அவர் நிறுவுகிற முறைக்கு வேர் தேடுகிறவர்கள் இந்தப் படிப்பையும் புனித மைக்கேல் கல்லூரியின் கணித வகுப்பையும் பார்க்க வேண்டும். 'இசையில் யாருடைய மாணவர்?' என்று மட்டும் கேட்டுக்கொண்டிருந்தால் அந்த நூலின் பாதிப் பின்னணி கண்ணில் படாது.

இரண்டாவது பிழை, நன்றி சொல்லப்பட்ட எல்லோரையும் ஆசிரியராக்கிவிடுவது. யாழ்நூல் 1947இல் வெளிவரக் கோனூர் ஜமீன்தார் சிதம்பரம் செட்டியார் பொருளுதவி செய்தார், கரந்தைத் தமிழ்ச் சங்கம் வெளியிட்டது, க. வெள்ளைவாரணனார் ஆய்வில் துணைநின்றார். ஒருவர் புரவலர், ஒன்று பதிப்பகம், ஒருவர் வயதில் இளைய துணைவர். நூலின் முற்பக்கங்களில் இந்த மூவகையினரும் ஒரே மரியாதை மொழியில்தான் நிற்பார்கள். அணிந்துரை தந்தவரையும் வாழ்த்துரை தந்த அரசியல்வாதியையும் 'குருநாதர்' என்று அழைக்கிற வழக்கம் நம்முடைய வெளியீட்டு விழாக்களிலும் உண்டு. நாளைக்கு அந்த நூலைப் படிக்கிறவருக்கு வகுப்பறை எது, மேடை எது என்று பிரித்தறிவது கடினம்.

மூன்றாவது, பெயர்கள். விபுலாநந்தர் என்ற பெயர் 1924இல் துறவு பூண்டபோது வந்தது. அதற்கு முந்திய எந்த இடாப்பிலும் அவர் மயில்வாகனன்தான். நீலாவணன் இடாப்பில் சின்னத்துரை; மருதமுனை மருதூர்க்கொத்தன் இடாப்பில் இஸ்மாயில். புனைபெயரை வைத்துக்கொண்டு பள்ளிக் காரியாலயத்தில் தேடி, 'இங்கே படிக்கவில்லை' என்று முடிவுகட்டுவது தவறு. பள்ளிகளும் பெயர் மாறியிருக்கின்றன. சுவாமி படித்த கல்முனை மெதடிஸ்த பாடசாலையை இன்றைய தலைமுறை உவெஸ்லி உயர்தரப் பாடசாலை என்றுதான் அறியும். 1960களின் தொடக்கத்தில் உதவி பெறும் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்ற பின் இந்தக் குழப்பம் இன்னும் கூடியது.

அப்படியானால் இடாப்பையும் சம்பவத் திரட்டையும் மட்டும் நம்பலாமா? இந்தக் கரையில் அது முடியாது. 1978 சூறாவளியும் 2004 சுனாமியும் மருதமுனையிலிருந்து சாய்ந்தமருது வரை வீடுகளையும் பாடசாலைகளையும் தின்றன. தாள்கள் தப்புவது அரிது. தப்பிய இடாப்பிலும் எல்லா ஆசிரியர்களும் இல்லை. முஸ்லிம் ஊர்களில் ஒரு பிள்ளை பள்ளிக்கூடம் போகும் முன்பே லெப்பையிடம் குர்ஆன் ஓதத் தொடங்கியிருக்கும். ராகமும் உச்சரிப்பும் மனனமும் அங்கேயே பழக்கமாகும். அந்த லெப்பையின் பெயர் அரசாங்க இடாப்பில் வராது. எழுத்தாளர்களும் சமர்ப்பணத்தில் அவரை அடிக்கடி விட்டுவிடுகிறார்கள். இரண்டு வகைச் சாட்சியும் ஒரே இடத்தில் மௌனமாகிறது.

ஆகவே என் முடிவு இதுதான். சமர்ப்பணமும் நினைவுக் குறிப்பும் யாருக்கு நன்றி என்பதற்கு முதல்தரச் சான்று; எங்கே, எந்த ஆண்டில், எந்த வகுப்பில் என்பதற்கு இரண்டாந்தரச் சான்று. இடாப்பு அதற்கு நேர்மாறு. எந்தக் குறிப்பைக் கண்டாலும் அது எந்த ஆண்டில் எழுதப்பட்டது, பெயர் சொல்லப்பட்டவர் கற்பித்தவரா, தேர்வு நடத்தியவரா, உதவியவரா என்ற கேள்விகளைக் கேட்டுவிட்டே எழுத வேண்டும். இன்று நூல் வெளியிடுகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள்: 'என் ஆசான்களுக்கு' என்று ஒற்றை வரியில் முடிக்காதீர்கள். ஓதிக்கொடுத்த லெப்பையில் தொடங்கி, ஆசிரியரின் முழுப் பெயர், பள்ளியின் அன்றைய பெயர், ஆண்டு, வகுப்பு ஆகியவற்றை எழுதிவையுங்கள்.